ஓராண்டுப் படிப்புக்கான பணம்: எஃப்.டி.யா, பி.எஃப்.பா, நகைக் கடனா, கல்விக் கடனா?

வேலையை விட்டுவிட்டு ஓராண்டு முழுநேரமாகப் படிக்க முடிவெடுத்தவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். சேமிப்பு இருக்கிறது, ஆனால் அது நான்கு இடங்களில் பிரிந்து கிடக்கிறது, அல்லது தேவையைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கிறது. எதை முதலில் தொடுவது, எதைக் கடைசி வரை தொடாமல் வைப்பது? பொதுவாக இதற்கு வட்டி விகிதத்தை வைத்தே பதில் சொல்லப்படுகிறது. வட்டியை மட்டும் பார்த்தால் தவறான முடிவுக்கு வர வாய்ப்புண்டு என்பதை ஒருவரின் கணக்கை முழுமையாகப் போட்டுப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

கணக்குக்காக ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 31, திருமணம் ஆகவில்லை. கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தின் சட்டப் பிரிவில் 4 ஆண்டு 4 மாதம் வேலை செய்திருக்கிறார்; அதற்கு முன் வேறொரு நிறுவனத்தில் 2 ஆண்டு. கையில் வரும் சம்பளம் மாதம் 58,000 ரூபாய். ஜூலையில் தொடங்கும் ஓராண்டு எல்.எல்.எம். படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. மதுரையில் இருக்கும் அம்மாவுக்கு மாதம் 8,000 ரூபாய் அனுப்புகிறார். வங்கியில் எஃப்.டி. 4,50,000, பி.எஃப். கணக்கில் 3,80,000, பழைய நிறுவனத்தின் பி.எஃப். கணக்கில் மாற்றப்படாமல் 90,000, வீட்டில் 12 சவரன் நகை ஆகியவை அவருடைய இருப்பு.

## முதலில் தேவை எவ்வளவு என்பது

அவர் முதலில் போட்ட கணக்கு எளிமையானது. கட்டணம் 1,80,000, விடுதியும் உணவும் மாதம் 8,000, அம்மாவுக்கு 8,000, கைச்செலவு 5,000 என 12 மாதத்துக்கு 2,52,000, ஆக மொத்தம் 4,32,000. எஃப்.டி. 4,50,000 இருப்பதால் போதும் என்று தோன்றியது.

இந்தக் கணக்கின் முதல் பிழை 12 மாதம் என்பதே. படிப்பு முடிந்த மறுநாள் சம்பளம் வருவதில்லை. வேலை தேட வேண்டும், கிடைத்த வேலையில் சேரும் தேதி தள்ளிப்போகும், மாத நடுவில் சேர்ந்தால் பல நிறுவனங்களில் முதல் சம்பளம் அடுத்த மாத இறுதியில்தான் கைக்கு வரும். ஆகவே 15 மாதம் என்று வைத்துக்கொள்வதே நியாயம்.

இரண்டாவது பிழை, சம்பளத்தில் இருந்தபோது கண்ணில் படாத செலவுகளை விட்டுவிட்டது. இரு சக்கர வாகனக் கடனுக்கு இன்னும் 5 தவணை, தவணைக்கு 3,500. ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு ஒன்றில் 11 மாதம் கட்டியாயிற்று, இன்னும் 9 மாதம் 5,000 வீதம் கட்ட வேண்டும். மடிக்கணினி, புத்தகம், பொருள்களைக் கொண்டு போவது எல்லாம் சேர்த்து 55,000. இவற்றோடு மருத்துவக் காப்பீடு. நிறுவனத்தின் குழுக் காப்பீடு வேலையை விடும் நாளோடு முடிந்துவிடும். அவருக்கும் அம்மாவுக்கும் தனியாக எடுத்தால் ஆண்டுக்கு 24,000 என்று வைத்தால், 15 மாதக் காலத்துக்குள் புதுப்பிக்கும் தேதியும் வந்துவிடுவதால் 48,000.

| செலவு | தொகை (ரூபாய்) |
|---|---|
| கட்டணம், தேர்வுக் கட்டணம் | 1,80,000 |
| விடுதி, உணவு (12 மாதம்) | 96,000 |
| படிப்புக்குப் பின் 3 மாதம் மதுரையில் உணவு, போக்குவரத்து | 24,000 |
| அம்மாவுக்கு (15 மாதம்) | 1,20,000 |
| கைச்செலவு (15 மாதம்) | 75,000 |
| வாகனக் கடன் | 17,500 |
| சீட்டு | 45,000 |
| மருத்துவக் காப்பீடு | 48,000 |
| மடிக்கணினி, புத்தகம், இடமாற்றம் | 55,000 |
| எதிர்பாராச் செலவு (ஏறக்குறைய 10 விழுக்காடு) | 65,500 |
| மொத்தம் | 7,26,000 |

4,32,000 என்று நினைத்தது 7,26,000 ஆகிவிட்டது. எஃப்.டி. முழுவதையும் செலவழித்தாலும் 2,76,000 துண்டு விழுகிறது. இந்தத் துண்டை எங்கிருந்து அடைப்பது என்பதே உண்மையான முடிவு.

காப்பீட்டைப் பற்றி ஒரு சொல். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால், புதிதாக எடுக்கும் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 3 ஆண்டு வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். குழுக் காப்பீட்டில் இருப்பவர் அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் காப்பீட்டுக்கு மாறினால், குழுக் காப்பீட்டில் கழித்த காலத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வழியுண்டு. ஆனால் அதை வேலையில் இருக்கும்போதே கேட்க வேண்டும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான்கு அளவுகோல்கள் போதும். பணம் தேவைப்படும் நாளில் கைக்கு வருமா. வட்டி, வரி, இழப்பு எல்லாம் சேர்த்து உண்மையில் எவ்வளவு செலவாகும். திருப்பிக் கொடுக்கச் சொல்லும் நாள் சம்பளம் வரும் காலத்தில் விழுமா, வராத காலத்தில் விழுமா. வேலை கிடைக்கத் தாமதமானால் என்ன இழக்கிறோம். மூன்றாவதே பலரும் கவனிக்காமல் விடுவது.

| | எஃப்.டி. | பி.எஃப். | நகைக் கடன் | கல்விக் கடன் |
|---|---|---|---|---|
| கைக்கு வருவது | அன்றே | சில வாரம். விதிகளைப் பொறுத்தது | அன்றே | வேலையை விடும் முன்பே தொடங்க வேண்டும் |
| செலவு | சிறிய அபராதம் | வட்டி இழப்பு, 5 ஆண்டுக்குள் வரி | ஆண்டுக்கு ஏறக்குறைய 9.5 விழுக்காடு எனக் கொள்வோம் | ஆண்டுக்கு ஏறக்குறைய 10 விழுக்காடு எனக் கொள்வோம் |
| திருப்பிக் கேட்கும் நாள் | இல்லை | இல்லை. திரும்ப வைக்கவும் முடியாது | பெரும்பாலும் 12ஆம் மாதம் | படிப்பு முடிந்து ஓராண்டு கழித்து |
| தாமதமானால் | இருப்பு தீரும் | ஓய்வுக்கால நிதி கரையும் | நகை ஏலம் போகலாம் | வட்டி கூடும் |

## எஃப்.டி.

எஃப்.டி.யை உடைக்க மனம் வராமல் நகையை அடகு வைப்பவர்கள் நம் ஊரில் நிறைய. உடைத்தால் நட்டம் என்ற எண்ணம்தான் காரணம். அந்த நட்டம் எவ்வளவு என்று பார்க்கலாம். 3,00,000 ரூபாயை 6.75 விழுக்காட்டில் 2 ஆண்டுக்குப் போட்டு 10 மாதம் ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்கூட்டியே எடுத்தால் வங்கி 10 மாதத்துக்கு உரிய விகிதத்தையே தரும். அது 6 விழுக்காடு என்றால், அதிலும் 1 விழுக்காடு அபராதமாகக் கழித்து 5 விழுக்காடு கிடைக்கும். இழப்பு 4,375 ரூபாய். அதே 3,00,000-க்கு நகைக் கடன் வாங்கினால் ஆண்டுக்கு 28,500 வட்டி.

ஆகவே மாதச் செலவுக்கு எஃப்.டி.யே முதல் தெரிவு. செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒரே பெரிய வைப்பாக இருப்பதை, புதுப்பிக்கும் தேதி வரும்போது, 3, 6, 9, 12 மாதங்களில் முதிரும் சிறிய வைப்புகளாகப் பிரித்துவிட வேண்டும். முதல் மூன்று மாதச் செலவு மட்டும் சேமிப்புக் கணக்கில் இருந்தால் போதும். முழுத் தொகையும் சேமிப்புக் கணக்கில் கிடந்தால் முதல் நான்கு மாதத்தில் கை தாராளமாகிவிடும். இதை நான் பலரிடமும் பார்த்திருக்கிறேன்.

## பி.எஃப்.

வேலையை விட்டதும் பி.எஃப். பணத்தை எடுப்பது இயல்பான எண்ணம். அது நம் பணம், கடன் இல்லை, யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். 2025 அக்டோபரில் பி.எஃப். அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு எடுத்த முடிவு, வேலை இழந்தவர் 75 விழுக்காட்டை உடனே எடுக்கலாம், எஞ்சிய 25 விழுக்காட்டுக்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும் என்கிறது. அதற்கு முன் இந்தக் காத்திருப்பு 2 மாதமாக இருந்தது. விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ள விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இதன் செலவைக் கணக்கிடலாம். 2024-25ஆம் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்ட வட்டி 8.25 விழுக்காடு. தேவைப்படும் 2,76,000 ரூபாயில் பாதியை முதல் பருவத்திலும் மறுபாதியை ஆறு மாதம் கழித்தும் எடுப்பதாக வைத்தால், முதல் 24 மாதத்தில் இழக்கும் வட்டி ஏறக்குறைய 41,000 ரூபாய். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குமேல் வரி. ஐந்தாண்டுத் தொடர் பணி முடியும் முன் எடுத்தால் அந்தத் தொகை வரிக்கு உட்பட்டது. 50,000 ரூபாயைத் தாண்டினால் பான் எண் கொடுத்திருந்தாலும் 10 விழுக்காடு பிடித்துக்கொண்டே தருவார்கள். நம்மவரின் பணிக்காலம் 4 ஆண்டு 4 மாதம். இங்கே ஒரு சிறு வேலை பெரிய பலன் தரும். பழைய நிறுவனத்தில் இருக்கும் 90,000 ரூபாய்க் கணக்கை இப்போதைய கணக்குக்கு மாற்றிவிட்டால், அந்த 2 ஆண்டும் சேர்ந்து பணிக்காலம் 6 ஆண்டு 4 மாதம் ஆகிறது. ஐந்தாண்டு வரம்பு தாண்டிவிடுகிறது. பணத்தை எடுக்கும் எண்ணம் இல்லாவிட்டாலும், இந்த மாற்றத்தை வேலையில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். பெயரிலோ பிறந்த தேதியிலோ பிழை இருந்தால், திருத்த நிறுவனத்தின் ஒப்புதல் தேவைப்படலாம். வெளியே போன பின் அதற்காக அலைவது பெரும்பாடு.

இன்னொரு மறைவான இழப்பு ஓய்வூதியப் பகுதியில் இருக்கிறது. முதல் வேலையில் அடிப்படைச் சம்பளம் 14,000, அதாவது ஓய்வூதியத் திட்டத்தின் சம்பள வரம்புக்குள் என்பதால் அவர் அந்தத் திட்டத்திலும் உறுப்பினர். படிவம் 10சி கொடுத்து அந்தப் பகுதியையும் எடுத்துவிட்டால் 6 ஆண்டு 4 மாதப் பணிக்கணக்கு அழிந்துவிடும். ஓய்வூதியம் பெறத் தேவையான 10 ஆண்டுக்கு இன்னும் 3 ஆண்டு 8 மாதமே இருக்கும் நிலையில் அதை அழிப்பது வீண்.

எல்லாவற்றையும்விடப் பெரியது, எடுத்த பணத்தைப் பின்னால் திரும்ப வைக்க வழியில்லை என்பது. பி.எஃப். கணக்கில் மொத்தமாகப் பணம் போட முடியாது. புதிய வேலையில் சேர்ந்து சம்பளத்திலிருந்து கூடுதலாகப் பிடிக்கச் சொல்வது ஒன்றே வழி. இதே வட்டி நீடித்தால் இன்றைய ஒரு லட்சம் 58 வயதில் ஏறக்குறைய எட்டரை லட்சமாக இருக்கும்.

பி.எஃப். எடுப்பது சரியாகும் இடமும் உண்டு. கடன் கிடைக்காத படிப்பு, கையில் நகை இல்லை, பணிக்காலம் ஐந்தாண்டைத் தாண்டிவிட்டது என்னும் மூன்றும் ஒன்றுசேர்ந்தால், தனிநபர் கடனுக்கு 14 அல்லது 16 விழுக்காடு கொடுப்பதைவிட இது மேல். அப்போதும் படிவம் 10சி-யைத் தொட வேண்டாம்.

## நகைக் கடன்

பணி நியமன ஆணையோ சம்பளச் சீட்டோ கேட்காத கடன் இது. காலையில் போனால் மதியத்துக்குள் பணம். 12 சவரன் என்பது 96 கிராம். நம்மவருக்கு வேண்டிய தொகைக்கு அதில் ஒரு பகுதியே போதும்.

2,76,000 ரூபாயை அதே இரண்டு பகுதிகளாக வாங்கி, 9.5 விழுக்காட்டில் 24 மாதம் வரை வைத்திருந்தால் வட்டி ஏறக்குறைய 46,000. பி.எஃப்.பின் 41,000-க்கு மிகத் தூரத்தில் இல்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அசலையும் வட்டியையும் சேர்த்து ஒரே தடவையில் கட்டும் வகை நகைக் கடனுக்குக் காலம் பொதுவாக 12 மாதம். ஜூலையில் வைத்த நகைக்கு அடுத்த ஜூலையில் மீட்கவோ வட்டி கட்டி மாற்றி வைக்கவோ சொல்லிக் கடிதம் வரும். அந்த மாதம்தான் படிப்பு முடிந்து, விடுதியைக் காலி செய்து, சம்பளமே இல்லாமல் இருக்கும் மாதம். முதல் பகுதி 1,38,000-க்கு மட்டும் 13,110 ரூபாய் வட்டியை அப்போது புரட்ட வேண்டும். புரட்ட முடியாமல் தவறினால் அறிவிப்பு, பிறகு ஏலம்.

ஆகவே நகைக் கடனைத் தொடக்கத்தில் வாங்குவது தவறு. கடைசியில் வாங்குவது சரி. 12ஆம் மாதத்தில் ஒரு லட்சம் வாங்கி, வேலையில் சேர்ந்து 16ஆம் மாதத்தில் மீட்டால் வட்டி 3,200 ரூபாய்க்குள் முடியும். திருப்பிக் கேட்கும் நாள் சம்பளம் வரும் காலத்தில் விழுகிறது. வேலைக்குத் திரும்புவது உறுதியாக உள்ளவர்களுக்கு, அதாவது சம்பளமில்லா விடுப்பில் படிக்கப் போகிறவர்களுக்கு, நகைக் கடனை முன்பே வாங்குவதிலும் பெரிய அபாயம் இல்லை.

## கல்விக் கடன்

சேமிப்பு இருக்கும்போது எதற்குக் கடன் என்று அம்மாக்கள் கேட்பார்கள். எண்களைப் பார்த்தால் அந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது.

வங்கிகள் பின்பற்றும் மாதிரித் திட்டத்தில் 4 லட்சம் வரை சொத்துப் பிணையும் இல்லை, நம் பங்காகக் கட்ட வேண்டிய தொகையும் இல்லை. பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். கட்டணமும் விடுதிச் செலவும் அடங்கும். நம்மவருக்கு அவை 1,80,000 மற்றும் 96,000, அதாவது சரியாக 2,76,000. படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்டத் தேவையில்லை. அந்தக் காலத்தில் தனிவட்டிதான்.

10 விழுக்காட்டில் கணக்கிட்டால், முதல் பாதி 1,38,000-க்கு 24 மாத வட்டி 27,600. மறுபாதிக்கு 18 மாத வட்டி 20,700. மொத்தம் 48,300. இப்போது மூன்று எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: பி.எஃப். 41,000, நகைக் கடன் 46,000, கல்விக் கடன் 48,300. இரண்டு ஆண்டுக்கு வித்தியாசம் 7,300 ரூபாய். விலையில் இவை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் பி.எஃப். எடுத்தால் திரும்ப வைக்க முடியாது. நகைக் கடன் 12ஆம் மாதத்தில் கேட்கும். கல்விக் கடன் 25ஆம் மாதத்தில் கேட்கும். வேலை கிடைக்க ஆறு மாதம் தாமதமானாலும் அந்தத் தேதி இன்னும் வந்திருக்காது. 16ஆம் மாதத்திலேயே சம்பளம் வரத் தொடங்கினால் முன்கூட்டிக் கட்டி வட்டியைக் குறைக்கவும் செய்யலாம்.

மறைவான செலவுகள் இதிலும் உண்டு. இது தாமதமாகக் கிடைக்கும். இடம் கிடைத்த கடிதம், கட்டண விவரம், மதிப்பெண் பட்டியல் எல்லாம் கொடுத்து வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். முதல் பருவக் கட்டணத்தை எஃப்.டி.யிலிருந்து கட்டிவிட்டு ரசீது கொடுத்தால் திருப்பித் தருவார்களா என்று கிளையில் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கடன் தொகை கல்லூரிக் கணக்குக்கே போகும். அம்மாவுக்கு அனுப்பும் 8,000-க்கோ சீட்டுக்கோ அதைத் தொட முடியாது. கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரியில் கழிவு உண்டு என்று சொல்லப்படுவது பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே. புதிய முறையில் இல்லை. இன்னொன்று, அங்கீகாரம் பெற்ற படிப்புக்கே இது கிடைக்கும். போட்டித் தேர்வுக்காக வீட்டிலிருந்து ஓராண்டு படிப்பவருக்கும் தனியார் பயிற்சி மையத்தில் சேர்பவருக்கும் இந்த வாசல் பெரும்பாலும் மூடியே இருக்கும். அவர்களுக்கு எஃப்.டி. முதலில், நகை கடைசியில் என்பதே வரிசை. அதுவும் போதாவிட்டால், புறப்படும் தேதியை ஆறு மாதம் தள்ளி வைத்துச் சேமிப்பதே நான்கைவிடவும் மலிவு.

## இவருக்கு எது

கட்டணத்துக்கும் விடுதிக்கும் கல்விக் கடன் 2,76,000. மற்ற எல்லாவற்றுக்கும் எஃப்.டி. 4,50,000. நகை வீட்டிலேயே இருக்கட்டும். பி.எஃப்.பில் பழைய கணக்கை மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். சீட்டு ஒன்பதாம் மாதத்தில் முடியும்போது, 5 விழுக்காடு கமிஷன் போக 95,000 கைக்கு வரும். அதைச் செலவில் சேர்க்காமல், வேலை தேடும் காலம் மூன்று மாதத்தைத் தாண்டினால் பயன்படும் பணமாக வைக்க வேண்டும். பதிவு செய்யாத தனியார் சீட்டாக இருந்தால் இந்த 95,000-ஐ நம்பித் திட்டமிடக் கூடாது.

புறப்படும் தேதியிலும் ஒரு தொகை மறைந்திருக்கிறது. பணிக்கொடை பெற ஐந்தாண்டுத் தொடர் பணி வேண்டும். 4 ஆண்டும் ஐந்தாம் ஆண்டில் 240 நாளும் முடித்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 30,000 என்றால் ஐந்தாண்டுப் பணிக்கொடை ஏறக்குறைய 86,500. நம்மவர் 4 ஆண்டு 4 மாதத்தில் கிளம்புவதால் அது கைவிட்டுப் போகிறது. படிப்பு ஜூலையில் தொடங்கும் என்பதால் அவரால் நான்கு மாதம் தள்ள முடியாது. அடுத்த ஆண்டு சேர்க்கைக்குக் காத்திருந்தால் இடம் கிடைக்குமா என்பது உறுதியில்லை. சேரும் தேதியைத் தாமே தேர்ந்தெடுக்கக்கூடிய படிப்பில் சேர்பவர்கள் இந்தக் கணக்கைத் தவறாமல் போட வேண்டும்.

திட்டம் சரியாகப் போகிறதா என்பதை ஆறாம் மாத இறுதியில் ஒரே எண்ணால் பார்த்துவிடலாம். அதற்குள் அம்மாவுக்கு 48,000, கைச்செலவு 30,000, வாகனக் கடன் 17,500, சீட்டு 30,000, முதல் ஆண்டுக் காப்பீடு 24,000, மடிக்கணினியும் பிறவும் 55,000 என 2,04,500 போயிருக்கும். எஃப்.டி.யிலும் சேமிப்புக் கணக்கிலும் சேர்த்து 2,45,500 இருக்க வேண்டும். அதில் 65,500 எதிர்பாராச் செலவுக்கானது என்பதால், இருப்பு 1,80,000-க்குக் கீழே போயிருந்தால் படிப்பு முடியும் வரை காத்திராமல் அந்த வாரமே கைச்செலவைக் குறைத்து, சீட்டுப் பணம் வரும் தேதியை உறுதி செய்துகொண்டு, 12ஆம் மாதத்தில் எத்தனை கிராம் நகையை வைக்க நேரும் என்று கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.